சப்டைட்டில் போட்டதும் சர்வர் ஏன் திணறுகிறது?

வீட்டில் சொந்தமாக மீடியா சர்வர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. படம் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் “சப்டைட்டில் போடேன், பேசுறதே புரியல” என்பார். போட்ட மாத்திரத்தில் படம் உறைந்து நிற்கும், வட்டம் சுற்றும், மூலையில் கிடக்கும் கம்ப்யூட்டரின் ஃபேன் இரையத் தொடங்கும். அறுபது ஜிபி படத்தை அலட்டிக்கொள்ளாமல் அனுப்பிக்கொண்டிருந்த சர்வர், சில பத்து எம்பி மட்டுமே உள்ள எழுத்துகளுக்கு மூச்சு வாங்குகிறது. பலரும் சர்வர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கப் போகிறார்கள். கடைக்குப் போகுமுன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மீடியா சர்வர் என்பது பெரிய சமாச்சாரமில்லை. பழைய லேப்டாப்போ சிறிய பெட்டிக் கம்ப்யூட்டரோ போதும். அதில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி போன்ற ஒரு மென்பொருளை நிறுவி, நம்மிடம் உள்ள டிஸ்க்குகளிலிருந்து எடுத்த படங்களையும் கல்யாண வீடியோக்களையும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால், டிவி, செல்போன், லேப்டாப் எல்லாவற்றிலும் அவற்றைப் பார்க்கலாம். படத்தை அனுப்ப சர்வருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புவது டைரக்ட் பிளே. டிவிக்குப் புரியாத கோப்பாக இருந்தால், அதை ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது டிரான்ஸ்கோடிங். முதல் வழியில் சர்வர் செய்வது வெறும் கோப்பு நகல் வேலை. பத்து வருஷத்துப் பழைய மெஷின்கூட அதைத் தூக்கத்தில் செய்யும். இரண்டாவது வழியில்தான் ப்ராசஸர் கொதிக்கிறது.

எது நடக்கப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதில் டிவிக்குத்தான் பெரிய பங்கு. டிவியில் உள்ள ஆப், படம் தொடங்குமுன் சர்வரிடம் ஒரு பட்டியல் கொடுக்கிறது: எனக்கு இன்னின்ன கோப்பு வகை தெரியும், இன்னின்ன வீடியோ, இன்னின்ன ஆடியோ, இன்னின்ன சப்டைட்டில், நொடிக்கு இத்தனை மெகாபிட் வரை தாங்குவேன். சர்வர் படக் கோப்பை அந்தப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. எல்லாம் பொருந்தினால் டைரக்ட் பிளே. ஒன்று பொருந்தாவிட்டாலும் மாற்றும் வேலை தொடங்கிவிடும். ஆனால் எது பொருந்தவில்லை என்பதைப் பொறுத்து அந்த வேலை கடுகளவாகவும் இருக்கலாம், மலையளவாகவும் இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு படக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். எம்கேவி, எம்பி4 என்று நாம் சொல்வதெல்லாம் டிபன் கேரியர் மாதிரி. வெளியே ஒரு பெயர். உள்ளே வீடியோ ஓர் அடுக்கு, ஆடியோ ஓர் அடுக்கு, சப்டைட்டில் ஓர் அடுக்கு. “என் டிவியில் எம்கேவி ஓடும்” என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் ஓடும் என்று ஆகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட இலவசக் கருவி ஒன்று இருக்கிறது:

```
ffprobe -hide_banner padam.mkv
```

ஒரு 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த படத்துக்கு அது தரும் நீண்ட பதிலில் நமக்கு வேண்டிய மூன்று வரிகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Video: hevc (Main 10), 3840x2160
Audio: dts (DTS-HD MA), 48000 Hz, 5.1(side)
Subtitle: hdmv_pgs_subtitle
```

இந்த ஒரு படத்தையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம், அறுபது ஜிபி. டிவி, 2019இல் வந்த ஒரு சாம்சங் 4கே என்று வைத்துக்கொள்வோம். சர்வர், இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர் உள்ள பழைய லேப்டாப்.

வீடியோ அடுக்கில் இருப்பது எச்இவிசி, அதாவது எச்.265. அதற்கு முந்தைய எச்.264 2003இல் வந்தது. இது 2013இல் வந்தது. 4கே டிவிகளில் எச்இவிசியைப் பிரிப்பதற்கென்றே சிப்பில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது. எனவே வீடியோவில் சிக்கலில்லை. அடுத்த அடுக்கு டிடிஎஸ் ஆடியோ. இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை நிறுத்திவிட்டது. எல்ஜியும் 2020 மாடல்களில் அதை விட்டுவிட்டு, 2023இல் சிலவற்றில் திரும்பக் கொண்டுவந்தது. புது டிவியை விடப் பழைய டிவிக்கு அதிகம் தெரிந்திருக்கும் விசித்திரம் இப்படி வருகிறது. டிடிஎஸ் என்பது உரிமக் கட்டணம் கொடுத்துச் சேர்க்க வேண்டிய ஒன்று. ஓடிடி சேவைகள் பெரும்பாலும் டால்பி ஒலியில் அனுப்புவதால், இது இல்லாததைச் சாதாரண வாடிக்கையாளர் கவனிக்கப் போவதில்லை. கவனிப்பவர் டிஸ்க்கிலிருந்து படம் எடுத்து வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்தான்.

ஆனால் ஆடியோ மட்டும் பொருந்தாமல் போவது சின்ன விஷயம். சர்வர் வீடியோவைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, ஆடியோவை மட்டும் டிவிக்குத் தெரிந்த வடிவத்துக்கு மாற்றி, இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடும். ஒலியை மாற்றுவது பழைய லேப்டாப்புக்கும் சுலபம். கோப்பு வகை மட்டும் பிடிக்காத இடங்களில் வேலை இன்னும் குறைவு. உதாரணமாக ஒரு பிரவுசர் எம்கேவியை ஏற்காமல், உள்ளே உள்ள எச்.264 வீடியோவையும் ஏஏசி ஆடியோவையும் மட்டும் ஏற்கலாம். அங்கே அடுக்குகளை ஒரு கேரியரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும். சர்வர் திரையில் “டிரான்ஸ்கோடிங்” என்று பார்த்ததும் பதறுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, மாற்றப்படுவது வீடியோவா, ஆடியோவா என்பதைத்தான். வீடியோ நேரடியாகப் போகிறது என்றால் நிம்மதியாகப் படம் பார்க்கலாம்.

இனி சப்டைட்டிலுக்கு வருவோம். சப்டைட்டில் இரண்டு ரகம். ஒன்று வெறும் எழுத்து: எந்த நொடியில் எந்த வரி என்று எழுதி வைத்த எஸ்ஆர்டி கோப்பு. நோட்பேடில் திறந்தே படிக்கலாம்; டிவி அதைத் தானே திரையில் எழுதிக்கொள்ளும். மற்றொன்று படம். ப்ளூ-ரே டிஸ்க்குகளில் வரும் பிஜிஎஸ் சப்டைட்டிலில் எழுத்தே கிடையாது. ஒவ்வொரு வசனமும் சின்னச் சின்ன ஓவியத் துண்டாக இருக்கும். டிவிடியில் உள்ளதும் அப்படித்தான். இதில் டிஸ்க் தயாரித்தவருக்கு வசதி: எந்த மொழி, எந்த எழுத்துரு என்ற கவலையே இல்லாமல் எந்த பிளேயரிலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் டிவி ஆப்கள் பலவற்றுக்கு இந்த ஓவியத் துண்டை வீடியோவின் மேல் ஒட்டத் தெரியாது.

டிவிக்கு ஒட்டத் தெரியாவிட்டால் சர்வர்தான் ஒட்ட வேண்டும். வசனத்தைத் தனியாக அனுப்ப வழியில்லாததால், வீடியோவுக்குள்ளேயே அதைப் பதிக்க வேண்டும். அதற்குச் சுருக்கி வைத்த வீடியோவை முதலில் முழுசாக விரிக்க வேண்டும். ஒரு 4கே ஃபிரேமில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 24 ஃபிரேம். ஆக நொடிக்கு ஏறத்தாழ இருபது கோடி புள்ளிகளை விரித்து, அவற்றின் மேல் வசனத்தை வரைந்து, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். திரையில் வசனமே இல்லாத மௌனக் காட்சியிலும் இந்த வேலை நிற்பதில்லை, ஏனென்றால் வழி முழுவதும் மாறிவிட்டது. சுருக்கியதை விரிப்பதை விட, விரித்ததைச் சுருக்குவது பல மடங்கு கஷ்டமான கணக்கு. அடுத்தடுத்த ஃபிரேம்களில் எது நகர்ந்தது, எது அப்படியே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்துத்தான் சுருக்க முடியும்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. நம் படம் எச்டிஆர் படம். பிரகாசமும் நிறமும் விரிந்த அளவில் பதிவானது. மாற்றும்போது பெரும்பாலும் அது எல்லா இடத்திலும் ஓடக்கூடிய பழைய எச்.264 வடிவத்துக்கு வருகிறது. அந்த விரிந்த அளவைச் சாதாரண அளவுக்குள் கணக்குப் போட்டு அடக்காவிட்டால் முகமெல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். அடக்கினாலும், நல்ல டிவி வாங்கியதன் பலன் அந்தப் படத்துக்குக் கிடைக்காது. சப்டைட்டிலை இயக்கியதும் நிறம் வெளிறுகிறது என்றால் டிவி கெட்டுப்போகவில்லை. வீடியோ டிரான்ஸ்கோடிங் நடக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை.

நம் பழைய லேப்டாப் இதைத் தாங்குமா என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மாற்றும் வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல். ஜெல்லிஃபின் அதன் பதிவுகளைச் சேமித்து வைக்கிறது. அதில் `speed=` என்று ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். `1x` என்றால் படம் ஓடும் அதே வேகத்தில் மாற்ற முடிகிறது. அதற்கு மேல் இருந்தால் சர்வர் முன்னால் ஓடிச் சேர்த்து வைக்கும். `0.4x` என்றால் பத்து நிமிடக் காட்சியை மாற்ற இருபத்தைந்து நிமிடம் ஆகும். வட்டம் சுற்றத்தான் செய்யும். மாற்றியதைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைத்துத்தான் சர்வர் அனுப்புகிறது. ஆகவே படத்தை நடுவில் தாவிப் பார்த்தால் அந்த இடத்திலிருந்து வேலையைப் புதிதாகத் தொடங்குவதால் தாமதம் தெரியும். டைரக்ட் பிளேயில் தாவல் கிட்டத்தட்ட உடனே நடக்கும்.

ஏன் மாற்றுகிறது என்ற காரணத்தையும் சர்வரே சொல்லிவிடும். ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் ஓடும் படத்தின் விவரத்தைத் திறந்தால் காரணம் தெரியும். பதிவில் அதே காரணம் `SubtitleCodecNotSupported`, `AudioCodecNotSupported`, `ContainerBitrateExceedsLimit` என்பது போன்ற பெயர்களில் இருக்கும். கடைசியாகச் சொன்னது வந்தால் பெரும்பாலும் யாரோ ஆப்பின் தர அமைப்பில் 20 மெகாபிட் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். நம் படத்தைக் கணக்கிட்டால் அறுபது ஜிபியை 7200 நொடியால் வகுக்க, நொடிக்குச் சராசரி 67 மெகாபிட் வருகிறது. வரம்பு 20 என்றால் எல்லாம் பொருந்தினாலும் சர்வர் மாற்றித்தான் ஆக வேண்டும். அமைப்பை உச்சத்துக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்தது.

இந்த 67 என்ற எண்ணில் ஒரு பொறியும் இருக்கிறது. பல 4கே டிவிகளின் லேன் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட்தான். சராசரி 67 என்றால், மழையும் புகையும் கூட்டமும் உள்ள காட்சியில் அது நூறைத் தாண்டும். அப்போது டைரக்ட் பிளேயிலேயே படம் நிற்கும். சர்வரின் ப்ராசஸர் சும்மா இருக்கும்போது படம் நின்றால் குற்றவாளி நெட்வொர்க். ப்ராசஸர் நூறு சதவீதத்தில் துடிக்கும்போது நின்றால் டிரான்ஸ்கோடிங். வயர் போட்டால் எப்போதும் வேகம் என்று நம்பி வந்த எனக்கு, இந்த டிவிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வயரைவிட நன்றாக ஓடும் என்பதை ஏற்க மனசே வரவில்லை. ஆனால் ரூட்டர் பக்கத்தில் இருந்தால் உண்மை அதுதான்.

“லேப்டாப்பில் விஎல்சி போட்டால் எல்லாமே ஓடுகிறதே, டிவியில் மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்பார்கள். விஎல்சி பெரும்பாலான வடிவங்களைப் பிரிக்கும் நிரல்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. அவற்றை ஓட்ட லேப்டாப் ப்ராசஸருக்குத் தெம்பும் இருக்கிறது. டிவியின் பொது ப்ராசஸர் பலவீனமானது. வீடியோவைப் பிரிப்பதெல்லாம் அந்தத் தனிச் சிப் பகுதிதான். தொழிற்சாலையில் அதில் எது வைக்கப்பட்டதோ அதுதான். பிறகு அப்டேட் போட்டுச் சேர்க்க முடியாது. எச்.264 வீடியோவே ஆனாலும் பத்து பிட் நிறத்தில் பதிவானது என்றால், பெரும்பாலான சிப்களுக்கு அது ஆகாது. ஜப்பானிய அனிமே சேகரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பிரவுசர்களின் கதை வேறு. அங்கே சக்திக்குக் குறைவில்லை. உரிமமும் கொள்கையும்தான் தடை. குரோம் எச்இவிசியை ஓட்டத் தொடங்கியதே 2022இல்தான், அதுவும் கம்ப்யூட்டரில் அதற்கான வன்பொருள் இருந்தால் மட்டும். எச்இவிசிக்குப் பேடன்ட் கட்டணம் கேட்கும் அமைப்புகள் ஒன்றுக்கு மேல் இருந்ததால் பலரும் தயங்கினார்கள். அந்தக் கசப்பில்தான் பெரிய நிறுவனங்கள் 2015இல் கூடி, கட்டணமில்லாத ஏவி1 வடிவத்தை 2018இல் கொண்டுவந்தன.

சில நேரம் டிவிக்குத் தெரிந்திருந்தும் ஆப் அதைச் சொல்லாமல் விட்டுவிடும். அந்தப் பட்டியலை எழுதுவது ஆப் தயாரிப்பவர். எல்லா மாடலையும் அவர் சோதித்திருக்க முடியாது. ஓடாமல் நிற்பதை விட மாற்றி ஓடுவது மேல் என்று பாதுகாப்பாக எழுதுவார். அதனால் ஒரே டிவியில் ஓர் ஆப் டிரான்ஸ்கோடிங் கேட்கும், இன்னொன்று நேரடியாக ஓட்டும். பிஜிஎஸ் சப்டைட்டிலை ஆப்பே வரைந்துகொள்ளும் வசதியும் இப்போது சில ஆப்களில் வரத் தொடங்கியிருக்கிறது. பணம் செலவழிக்குமுன் ஆப்பை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

நம் படத்துக்குத் திரும்பினால், நிரந்தரத் தீர்வு கோப்பிலேயே இருக்கிறது. ஓட ஓடத் தினமும் மாற்றுவதற்குப் பதில் ஒரே ஒருமுறை மாற்றி வைத்துவிடலாம். ஆடியோவுக்கு இது போதும்:

```
ffmpeg -i padam.mkv -map 0 -c copy -c:a ac3 -b:a 640k padam2.mkv
```

வீடியோவும் சப்டைட்டிலும் அப்படியே நகலாகின்றன. எல்லா ஆடியோ தடங்களும் டால்பியின் பழைய ஏசி3 வடிவத்துக்கு மாறுகின்றன. வீடியோவைத் தொடாததால் முக்கால்வாசி நேரம் ஹார்ட் டிஸ்க்கின் வேகம்தான் வேலையின் வேகம். டிடிஎஸ்ஸின் மூல ஒலியை இழக்க மனமில்லாத ஒலிப் பிரியர்கள் பழைய கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

சப்டைட்டில் கொஞ்சம் மெனக்கெட வைக்கும். பிஜிஎஸ் ஓவியங்களை எழுத்தாக மாற்ற, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் நுட்பம் தேவை. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆங்காங்கே சிறிய எல்லும் பெரிய ஐயும் குழம்பும். ஒருமுறை கண்ணோட்டம் விட்டுத் திருத்திவிடலாம். கிடைக்கும் எஸ்ஆர்டி கோப்பைப் படத்தின் பெயரிலேயே பக்கத்தில் வைத்தால் போதும்: `padam2.en.srt`. தமிழ் என்றால் `padam2.ta.srt`. தமிழ்க் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க மறக்கக் கூடாது. எழுத்து வகைச் சப்டைட்டிலையும் சர்வரே பதிக்கும்படி அமைத்துவிட்டால் தமிழுக்கு இன்னொரு தொல்லை உண்டு. சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்காவிட்டால் வசனத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். டிவியில் தமிழ் நன்றாகத் தெரிவதை வைத்து இதைக் கணிக்க முடியாது, ஏனென்றால் இங்கே எழுதுவது சர்வர்.

இவ்வளவுக்குப் பிறகும் வன்பொருள் வாங்க ஆசை என்றால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். இன்டெல் ப்ராசஸர்களில் 2011 முதல் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி இருக்கிறது. நம் உதாரண லேப்டாப்பிலும் உண்டு, ஆனால் அதற்கு எச்இவிசி தெரியாது. விரிக்கும் வேலை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழும். பத்து பிட் எச்இவிசியைச் சிப்பிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. இப்போது கிடைக்கும் என்100 போன்ற சிறிய, மின்சாரம் குறைவாக எடுக்கும் ப்ராசஸரே, குவிக் சிங்க்கைச் சரியாக இயக்கிவிட்டால், விலை உயர்ந்த பழைய ப்ராசஸர்களை இந்த வேலையில் தோற்கடிக்கும். பிளெக்ஸில் இந்த வசதிக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும், ஜெல்லிஃபினில் இலவசம். ராஸ்பெர்ரி பை 5ஐ மலிவாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருளே கிடையாது. எல்லாம் டைரக்ட் பிளேயில் ஓடும் வீட்டுக்கு அது அருமையான சர்வர், மற்ற வீடுகளுக்கு வேண்டாம்.

டிரான்ஸ்கோடிங் தவிர்க்க முடியாத ஓர் இடம் உண்டு: வீட்டுக்கு வெளியே. ரயிலில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கும்போது கைக்கு எட்டும் இணைய வேகம் சில மெகாபிட்தான். 67 மெகாபிட் படத்தை எந்த ஆப் வைத்தாலும் அதில் அனுப்ப முடியாது. அங்கே சர்வர் அதை 4 மெகாபிட் அளவுக்குச் சுருக்கித் தருவதுதான் சரி. சிறிய திரையில் அது உறுத்தாது. பழைய லேப்டாப்பால் அதுவும் முடியாது என்பவர்கள் இரவில் ஒருமுறை மெஷினை ஓடவிட்டு, எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் கொண்ட 1080பி நகல் ஒன்றை எடுத்து வைக்கிறார்கள். வீடியோவுக்கு 8 மெகாபிட் வைத்தால் இரண்டு மணி நேரப் படம் ஏழு ஜிபிக்குச் சற்று மேல் வரும். ஜெல்லிஃபினில் இரண்டு கோப்புகளையும் ஒரே ஃபோல்டரில், ஃபோல்டரின் பெயரோடு ` - 4K`, ` - 1080p` என்று வால் சேர்த்து வைத்தால் ஒரே படத்தின் இரு பதிப்புகளாகக் காட்டும். எதை ஓட்டுவது என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லி வைக்காவிட்டால் டிவியில் சின்னக் கோப்பும் ரயிலில் பெரிய கோப்பும் ஓடும்.